அப்பா பார்த்த குரல்

என் அப்பா பொன்னுத்துரை பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ரகசியம் என்று நினைத்து அவர் சொல்வதும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் சோற்றுக்கு என்ன வெஞ்சனம், குழம்பா கூட்டா என்பது தினமும் காலை பதினொரு மணிக்கே தெரிந்துவிடும். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குக் காது கேட்காது.

சின்னாளப்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் நின்றவர் அவர். தகரக் கூரைக்குக் கீழே எட்டுத் தறி ஒன்றாக ஓடும். முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. பிறகு பெண்களின் குரல், அப்புறம் ஆண்களின் குரல். கடைசியில் தறிச் சத்தமும் போனது. கூடத்துக்குள் யாரும் யாருடனும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். கையைக் காட்டி, உதட்டைப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள். அதனால் காது போனது அவருக்கே ரொம்ப நாள் தெரியவில்லை. என் தங்கை தமிழ்நிலாவுக்குப் பத்து வயது இருக்கும்போது, மழை பெய்கிறது என்று அவள் பின்னாலிருந்து கத்தியும் கொடியில் கிடந்த துணியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"நிலா பேச்சு எனக்குப் பத்து வயசோட நின்னுபோச்சு" என்று பிற்பாடு சொல்வார். வருத்தமாகச் சொல்வதில்லை. கரண்ட் போய்விட்டது என்பதைப் போலத்தான் சொல்வார்.

அவள் வளர்ந்து கோயம்புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவாள். கையில் ஒரு பழைய நோட்டு வைத்திருப்பாள். கொட்டை எழுத்தில் எழுதி எழுதிக் காட்டுவாள். 'சாப்டீங்களா.' 'மாத்திரை போட்டீங்களா.' 'ஏன் சட்டை கிழிஞ்சிருக்கு.' இவர் இந்தப் பக்கம் கத்திப் பதில் சொல்வார். அவள் அறையில் இருக்கும் மற்ற பெண்கள் சிரிப்பது திரையில் தெரியும். அதைப் பார்த்து இவரும் சிரிப்பார்.

போன ஐப்பசியில் காய்ச்சல் வந்து நான்கே நாளில் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று வந்தது. என் போன் பேசுவதையெல்லாம் தானாகப் பதிவு செய்யும். மாதம் ஒருமுறை மொத்தமாக அழிப்பது என் வழக்கம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பெற்றோர்களின் அழைப்பே நூறு இருக்கும். அப்படி அழிக்கப்போனபோதுதான் அது கண்ணில் பட்டது. நிலாவும் நானும் பேசியது. அவள் காய்ச்சலில் படுப்பதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு நிமிடம் இருபது நொடி. மற்றதெல்லாம் முந்தைய மாதங்களிலேயே நான் அழித்துவிட்டவை; அதற்குப் பிறகு பேசியது வீடியோவில், அது பதிவாவதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் பேச்சாயி. "என் காதுல அதப் போட்டுராத" என்று சொல்லிவிட்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

முப்பதாம் நாளுக்கு ஒரு நினைவு வீடியோ செய்து சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று தோன்றியது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் படம் பிடித்தவர் கிளெமென்ட். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் அவருடைய ஸ்டுடியோ. கல்யாண வீடியோ, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, அஞ்சலி எல்லாம் செய்வார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். நிலா பேசியது ஒன்று மிஞ்சியிருக்கிறது, பதினொரு நிமிடம் என்று கிளம்பும்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர் வீட்டில் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாளாவது வேறு சுவரைப் பார்க்கட்டும் என்றுதான் கூட்டிப்போனேன்.

கிளெமென்ட்டுக்கு நாற்பது வயதிருக்கும். முகூர்த்த மாதத்தில் அவர் கண்ணைப் பார்த்தால் நமக்குத் தூக்கம் வரும். ஒரு மாதிரியைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒரு தாத்தாவின் குரல் பதிவு. பின்னால் அவருடைய புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகப் பெரிதாகி மறைந்தன. கீழே வரிசையாக வெள்ளைக் கம்பிகள், அறுபது இருக்கும், ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அப்பா திரைக்குக் கிட்டே போனார். கம்பிகளைக் காட்டி, "இது என்னது ஆடுது?" என்றார். கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்திருப்பார்.

கிளெமென்ட் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி வாயை நன்றாகத் திறந்து சொன்னார். "அவங்க பேசுறதுங்கய்யா. பேசுனா ஆடும். சத்தமாப் பேசுனா ஒசரமா ஆடும்."

"பேசாட்டி?"

"படுத்துரும்."

அப்பா இன்னொரு முறை கம்பிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, அப்ப நிலா பேசுறத நான் பாக்கலாமா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் கிளெமென்ட், "தாராளமாப் பாக்கலாங்கய்யா" என்றுவிட்டார். ஒரு வாடிக்கையாளருக்கு வழக்கமாகச் சொல்லும் பதில். அவர் அதை அதற்கு மேல் யோசித்திருக்க மாட்டார். அப்பாவோ பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, "பதினோரு நிமிசமாம்மா? பதினோரு நிமிசமும் அவதானா?" என்று இரண்டு முறை கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் போன பிறகு அவர் தானாக வாய் திறந்து கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று இரவு ஹெட்போனில் அந்தப் பதிவை முழுதாகக் கேட்டேன். ஆறு நிமிடம் நாற்பது நொடியில் நிலா அப்பாவைத் திட்ட ஆரம்பிக்கிறாள். சம்பளத்தில் சேர்த்து வைத்து அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவர் மூன்று நாள் மாட்டிவிட்டுக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"காதுக்குள்ள ஈ போற மாதிரி இருக்காம்க்கா அவருக்கு. நாளைக்கு ரோட்டுல லாரி வந்தா அது ஈ மாதிரியா வரும்? சொல்லு. இம்புட்டுப் பெரிய மனுசனுக்கு நான் எழுதிக் காட்டிக்கிட்டே இருக்கணுமா? கை வலிக்குதுக்கா எனக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தாளு காதுல என் பேச்சு விழுந்தா என்னவாம்?"

அதற்கு என் குரல் சொல்கிறது: "விடுடி. அவர் திருந்த மாட்டாரு. நீ உன் வேலையப் பாரு."

ஐம்பத்திரண்டு நொடி. அதை வெட்டிவிடச் சொல்லி கிளெமென்ட்டுக்குச் செய்தி அனுப்பினேன். சொந்தக்காரர்கள் நடுவே அது வேண்டாம் என்று காரணம் எழுதினேன். எனக்கும் நான் அதையே சொல்லிக்கொண்டேன்.

இருபத்திரண்டு படம் கொடுத்தேன். பழையவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போனில் எடுத்தேன். புதியவை பெரும்பாலும் வாட்ஸப்பில் வந்தவை, பெரிதாக்கினால் முகம் கரைந்துபோயிருந்தது. அதில் ஒன்று, வீடியோ அழைப்பின்போது நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தது. நிலா நோட்டைக் காட்டுகிறாள். 'சாப்டீங்களா' என்ற எழுத்துக்கு மேலே பாதி முகம்தான் தெரிகிறது. அந்தப் படத்தை அப்பா கேட்டு வாங்கிச் சேர்த்தார்.

முப்பதாம் நாள் வீட்டில் இருபது பேர் இருந்தார்கள். பென்டிரைவை டிவியில் சொருகி வீடியோவைப் போட்டேன். அம்மா கொல்லைப்புறம் போனாள். அப்பாவுக்கு டிவிக்கு நேர் எதிரே நாற்காலி. நிலாவின் குரல் வீட்டுக்குள் வந்தது. சித்திமார் அழ ஆரம்பித்தார்கள். படங்கள் மாறின. கீழே வெள்ளைக் கம்பிகள் ஆடின.

நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாயைத் திறந்தபடி பார்த்தார். கை இரண்டும் முழங்காலில். ஒரு நிமிடம் போயிருக்கும், முகம் மாறியது. அவர் படங்களைப் பார்க்கவில்லை, கம்பிகளை மட்டும் பார்த்தார். வலது கை ஆள்காட்டி விரல் முழங்காலில் தட்டியது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டியது. அப்புறம் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

வீடியோ முடிந்ததும் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த அமைதியில் அவர் குரல் வந்தது.

"இது அவ இல்ல."

சித்தப்பா அவர் தோளைப் பிடித்தார். "அண்ணே, மனசத் தேத்திக்கண்ணே."

"அட விடுறா. இது பேச்சு இல்லடா. பத்து நொடிக்கு ஒருக்கா, சேலையில பூ வர்ற மாதிரி, அதே புட்டா திரும்ப வருது. நடுவுல ரெண்டு கம்பி ஒசரும், இடப்பக்கம் மூணு தாழும், அப்புறம் எல்லாம் சேந்தாப்புல விழும். மறுபடி மொதல்லருந்து. எவளாவது பத்து நொடிக்கு ஒருக்கா அதையே பேசுவாளா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தார்கள். சித்தி ஒருத்தி காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். எனக்கு மட்டும் அது உளறலாகத் தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு தனியாக மறுபடி போட்டுப் பார்த்தேன். நான்காவது நிமிடத்தில் நிலா, "இரு, குக்கர எறக்கிட்டு வாரேன்" என்று போகிறாள். நாற்பது நொடி யாரும் பேசவில்லை. தூரத்தில் ஏதோ பாத்திரச் சத்தம் மட்டும். அந்த நாற்பது நொடியும் கம்பிகள் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

எத்தனையோ பேர் கேட்ட வீட்டில், கேட்காத ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். இருபத்தெட்டு வருடம் துணியில் ஓடும் புட்டாவைப் பார்த்து, ஒன்று தப்பினால் தறியை நிறுத்தியவர். ஒரே வடிவம் திரும்ப வருவதை அந்தக் கண்ணிடம் மறைக்க முடியாது.

படுக்கப் போகும் முன் அப்பா என் முன்னால் வந்து நின்றார். உதட்டைப் பார்ப்பதற்காக எப்போதும் நிற்கும் தூரம். "வேற எதையும் மாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை தனியாக நாகல் நகர் போனேன். கிளெமென்ட் ஒரு கல்யாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்தியை வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். பிறகு உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

"ஆறு வருசமா இதத்தான் போடுறேன் டீச்சர். அஞ்சலிக்கு, கோயில் அறிவிப்புக்கு, எல்லாத்துக்கும். ஒருத்தர் கேக்கல. காது கேக்காத மனுசர் வந்து புடிச்சுட்டாரு பாருங்க."

"அது என்னது, நிஜமில்லையா?"

"ரெடிமேடு. பச்சை கலர் பின்னணியில கம்பி ஆடுற மாதிரி ஒரு துண்டு கெடைக்கும், பத்து நொடி. பச்சைய எடுத்துட்டு உங்க வீடியோ மேல ஒட்டிருவேன். பத்து நொடியத் திரும்பத் திரும்ப அடுக்கிட்டா எம்புட்டு நேரம்னாலும் ஓடும். குரலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கேக்குறவங்களுக்கு ரெண்டும் சேந்து போற மாதிரியே தோணும். நமக்கு அவசரம்."

எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை. அவர்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "அன்னைக்குப் பாக்கலாம்னு வேற சொல்லிட்டேன். பேசாட்டி படுத்துரும்னு சொன்னேன்ல? சொன்னேன். ஏசுவே."

பிறகு பந்தியை மூடிவிட்டு எங்கள் பதிவைத் திறந்தார். இந்த முறை குரலோடு இணைத்து கோடு வரும்படி போட்டார். ஓட்டினார். என் குரல் வரும்போதெல்லாம் கோடு கூரையைத் தொட்டது. நிலா பேசும்போது தரையோடு தரையாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பார்த்த திரை நினைவுக்கு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பதிவானது உங்க போன்ல. உங்க குரல் பக்கத்துல, அவங்க குரல் லைன்ல வந்தது. அதான் மெலிசு" என்றார் கிளெமென்ட். "மொத்தமாக் கூட்டுனா உங்களுதும் சேந்து கூடும். ரெண்டையும் பிரிக்கணும். ரெண்டு குரலும் ஒரே தடத்துல கெடக்கு, தானாப் பிரியாது. கையாலதான்."

அப்படித்தான் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இது அவ. இது நான்" என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பேச்சு மாறும் இடத்திலும் வெட்டினார். அவளுடைய துண்டுகளை மேல் தடத்தில், என்னுடையவற்றைக் கீழ்த் தடத்தில், நேரம் நகராமல் அதே இடத்திலேயே வைத்தார். அவள் தடத்தை மட்டும் சத்தம் கூட்டினார். கூட்டியதும் லைனின் இரைச்சலும் கூடியது. பேசாத இடத்திலும் கோடு நடுங்கியது. "இது படுக்கணும், படுக்கணும்" என்று முனகிக்கொண்டே இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ரொம்பக் குறைத்தால் அவள் சொல்லும் 'ம்' கூடச் செத்துப்போனது. மறுபடி கூட்டினார். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்த இடத்தைப் பிரிக்க முடியவில்லை.

"அது ரெண்டு தடத்துலயும் இருக்கட்டும் டீச்சர்."

நடுவில் இரண்டு முறை போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆல்பம் கேட்டார்கள். "கரண்ட் இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தலைக்கு மேல் மின்விசிறி தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நடுவில் நின்று எழும்பும் கோடு வேண்டாம், துணி மாதிரி ஓடட்டும் என்று நான்தான் சொன்னேன். அந்த யோசனை அவருக்குப் பிடித்தது. ஒவ்வொரு தடத்தின் முழு அலையையும் நீளமான படமாக எடுத்தார். பதினொரு நிமிடத்தையும் ஒரே படமாக வைத்தால் கம்ப்யூட்டர் தாங்காது என்று நிமிடத்துக்கு ஒரு துண்டாக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, வலமிருந்து இடமாக ஒரே வேகத்தில் நகரவிட்டார். நடுவே ஒரு செங்குத்துக் கோடு அசையாமல் நிற்கும். அதைத் தொடுகிற இடம்தான் அந்த நொடியில் பேசப்படுவது. அவளுக்கு மஞ்சள், எனக்குச் சாம்பல். படங்கள் மேலே பாதித் திரைக்குச் சுருங்கின.

எல்லாம் முடிகிற நேரத்தில் கேட்டார். "அந்த அம்பத்திரெண்டு நொடி? வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டுமா?"

"ஒட்டுன எடம் தெரியுமா?"

"முன்னாடி முடிவையும் பின்னாடி ஆரம்பத்தையும் லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திட்டா யாருக்கும் தெரி…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்ததில் கன்னம் வலித்தது.

"சேத்துருங்க" என்றேன்.

"அதுல நீங்களும் ஒண்ணு சொல்லியிருக்கீங்களே."

"அதுவும் இருக்கட்டும்."

வீடியோ உருவாகி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. வாட்ஸப்பில் வழக்கம்போல் அனுப்பினால் கோட்டின் நுனியெல்லாம் கரைந்துவிடும் என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது படிக்கட்டு வரை வந்தார். "அய்யாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. நேரா வரணும். முகூர்த்தம் முடியட்டும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவை டிவி முன்னால் உட்காரவைத்தேன். அம்மா அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சத்தத்தக் கொறச்சு வையி" என்றாள். நான் முழுவதுமாகவே குறைத்துவிட்டேன். அப்பாவுக்கு அது தேவையில்லை.

மஞ்சளும் சாம்பலும் ஓட ஆரம்பித்தன. மஞ்சள் நிலா என்று அவருக்குச் சொன்னேன். ஆறேழு நொடி பார்த்தார். விரல் முழங்காலில் தயாராக நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆனது. விரல் தட்டவில்லை.

"திரும்ப வரல" என்றார். மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அதன் பிறகு கேள்விகள். மஞ்சள் குட்டிக் குட்டியாகப் பொரிந்தபோது, "இங்க என்ன?" என்றார்.

"அவ ரூம்ல ஒருத்திக்குக் கல்யாணம். அதச் சொல்றா."

"இம்புட்டு வேகமாவா பேசுவா?"

"ஆமாப்பா. மூச்சே விட மாட்டா."

"இது?"

"சிரிக்கிறோம்."

மஞ்சளும் சாம்பலும் ஒரே வடிவத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போயின. அவர் தலையை ஆட்டினார். கோடு இரண்டும் படுத்து, வெறும் தரையாக ஓடியது.

"இங்க?"

"குக்கர எறக்கப் போயிருக்கா."

"வருவாளா?"

"வருவாப்பா. நாப்பது நொடி."

அவர் காத்திருந்தார். மஞ்சளின் ஒரு சின்ன முளை வலது ஓரத்தில் தெரிந்தபோது, அது நடுக்கோட்டுக்கு வருமுன்பே, "வந்துட்டா" என்றார்.

ஆறு நாற்பது வந்தது. மஞ்சள் எழுந்தது. அதுவரை இல்லாத உயரம். இடைவெளியே இல்லாமல் சுவர் மாதிரி நின்றது. மேலே படத்தில் அவள் நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். கிளெமென்ட் அந்தப் படத்தை அங்கே வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"கோவமா இருக்கா" என்றார் அப்பா. கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமா."

"யார் மேல?"

நான் அவர் முன்னால் போய் நின்றேன். உதடு தெரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். மிஷினை, ஈயை, லாரியைச் சொன்னேன். கை வலிக்கிறது என்றாள் என்பதையும், ஒரு தடவை என் பேச்சு விழுந்தால் என்னவாம் என்றாள் என்பதையும் சொன்னேன். பின்னால் குட்டையாக ஒரு சாம்பல் துண்டு ஓடியது. அதையும் சொன்னேன். "நான் சொல்றேன், அவர் திருந்த மாட்டாரு, விடுடின்னு."

இதைத்தான் முதலில் வெட்டச் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். துணிகளுக்கு அடியிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்தார். மிஷினைக் காதில் மாட்டினார். திருகினார். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கழற்றி, டப்பாவை மேலே, டிவி பக்கத்தில் வைத்தார். பூட்டவில்லை.

"அதத் திரும்பப் போடு" என்றார்.

"எத?"

"திட்டுறத."

போட்டேன். ஐம்பத்திரண்டு நொடி. திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது முறை மஞ்சள் எழும்பும் இடத்தை விரலால் காட்டினார். "இந்தா, இங்கதான் மூச்சு வாங்குறா. பாரு, ஒரு சின்னப் பள்ளம். அப்புறம் மறுபடி ஏறுறா." நான் அதைக் கவனித்ததே இல்லை. எத்தனை முறை கேட்டிருப்பேன், அவள் அங்கே மூச்சு வாங்கியது எனக்குத் தெரியாது.

"நல்லாத் திட்டுறா" என்றார். பழைய சத்தம் திரும்பியிருந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "எம்மக நல்லா ஒசரமாத் திட்டுறா!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆமா, நான் முப்பத்தஞ்சு வருசமாத் திட்டுறேன்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "எனக்கு எவன் கோடு போட்டான்?"

அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்து ஏதோ நடந்தது என்று தெரிந்துகொண்டார். "என்னவாம் அவளுக்கு?" என்றார். சொன்னேன். "வரச் சொல்லு, வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வாசற்படியில் நின்றாள். "சத்தம் இல்லைல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்பா நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை, நாற்காலியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எது நிலா?" என்று கேட்டாள்.

"மஞ்சக் கோடு" என்றார் அப்பா. "இரு. இப்ப குக்கர எறக்கப் போவா. அப்புறம் வருவா."

நான் முதலிலிருந்து போட்டேன்.